திரும்பும் பேனலா, இன்னொரு பேனலா? கொழிஞ்சாம்பாறைத் தோப்பில் போட்டுப் பார்த்த கணக்கு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில் மாமாவுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. மோட்டார் ரூம் கேபிள் இரண்டு முறை களவு போன பிறகு, சிம் போட்ட கேமரா ஒன்றை வாங்கி மாட்டினார். லைன் கரண்டில் மாட்டினால் கேபிளை வெட்டுகிறவன் கேமராவையும் சேர்த்தே அணைத்துவிடுவான் என்பதால், 20 வாட் சோலார் பேனல், 12 வோல்ட் 12 ஆம்பியர்-மணி பேட்டரி, ஒரு சிறிய சார்ஜ் கன்ட்ரோலர் என்று தனியாக ஓட்டுகிறார். வருடத்தில் எட்டு மாதம் பிரச்சினையே இல்லை. ஆடியிலும் ஐப்பசியிலும் நாலு நாள் தொடர்ந்து மூடாக்குப் போட்டால் விடியற்காலை மூன்று மணிக்குக் கேமரா அணைந்துவிடுகிறது. களவு போவதும் அந்த நேரத்தில்தான்.

என் தங்கை மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். வெளிச்சம் படப்படத் தடை குறையும் எல்டிஆர் இரண்டு, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டார் ஒன்று, இவற்றை இயக்க ஆர்டுயினோ நானோ என்ற சிறிய கன்ட்ரோல் போர்டு ஒன்று வைத்து, வெயில் போகிற பக்கம் பேனலைத் திருப்பும் டிராக்கர் ஒன்றைச் செய்திருந்தான். வீட்டு வாசலில் அது மெல்லத் திரும்புவதை மாமா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என்னிடம் கேட்டார்: “மாப்ள, இதைத் தோப்புல மாட்டினா ஆடி மாசத்துல கேமரா அணையாம இருக்குமா?”

டிராக்கரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் “எத்தனை சதவீதம் கூடும்?” என்று கேட்பார்கள். மாமா கேட்டது அது இல்லை. எந்த நாளில் கூடும், அன்றைக்கு அது நமக்குத் தேவையா என்று கேட்டார். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நாங்கள் எல்லா வழிகளையும் எடை போட்டோம்.

முதலில் கூடுதல் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. கொழிஞ்சாம்பாறை இந்திய நேரத்துக்கான தீர்க்க ரேகைக்கு மேற்கே தள்ளி இருப்பதால் இங்கே உச்சிப்பொழுது சராசரியாகப் பகல் 12:20க்கு வருகிறது. தெற்குப் பார்த்து 11 பாகை சாய்த்து நிலையாக வைத்த பேனலுக்கு, உச்சிக்கு மூன்று மணி நேரம் முன்னால் வெயில் 45 பாகை சாய்வாக விழுகிறது; நேராக விழுந்தால் கிடைப்பதில் 71 சதவீதம்தான் கிடைக்கும். நாலு மணி நேரம் முன்னால் பாதி, ஐந்து மணி நேரம் முன்னால் கால்வாசி. டிராக்கர் இந்த இழப்பை மீட்டுத் தருகிறது. உச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் பேனல் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் வித்தியாசம் 13 சதவீதத்தைத் தாண்டாது.

மேகமே இல்லாத ஒரு பங்குனி நாளுக்கு, காற்று மண்டலம் காலை வெயிலை வடிகட்டுவதையும் சேர்த்து மணி மணியாகக் கணக்குப் போட்டேன். டிராக்கருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வருகிறது. அப்படியானால் நல்ல ஆதாயம்தானே என்று தோன்றும். அந்தக் கூடுதலைப் பிரித்துப் பார்த்தால், அதில் முக்கால் பங்குக்கு மேல் காலை 9:20க்கு முன்னும் பிற்பகல் 3:20க்குப் பின்னும் வருகிறது. தோப்பில் அந்த நேரத்து வெயில் பேனலுக்கு வருகிறதா?

உச்சிக்கு நாலு மணி நேரம் முன்னால் சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில்தான் நிற்கும். அப்போது 50 அடி தென்னை மரத்தின் நிழல் 85 அடிக்கு மேல் நீளும். இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் அது 190 அடி. 25 அடிக்கு ஒரு மரம் நட்ட தோப்புக்குள் காலை வெயில் துண்டு துண்டாகத்தான் வரும். பேனலில் ஒரு ஓலை நிழல் ஒரு செல்லின் மேல் விழுந்தாலே போதும், செல்கள் வரிசையாக இணைந்திருப்பதால் மொத்த கரண்ட்டும் சரிந்துவிடும். காலையும் மாலையும் நிழல் அடித்துப்போய், 9:20லிருந்து 3:20 வரை மட்டும் வெயில் கிடைக்கும் இடத்தில் டிராக்கரின் ஆதாயம் மூன்றில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. டிராக்கர் என்று பேச்செடுத்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: காலை எட்டரைக்கும் மாலை நாலரைக்கும் பேனல் இருக்கும் இடத்தில் போய் நின்று பார்த்தீர்களா?

இனி மேகம். மூடாக்குப் போட்ட வானத்தில் வெளிச்சம் ஒரு திசையிலிருந்து வருவதில்லை, வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. அன்றைக்குப் படுக்கையாக இருக்கும் பேனல்தான் வானத்தை முழுதாகப் பார்க்கும். 50 பாகை சாய்ந்த பேனல் வானத்தில் 82 சதவீதத்தை மட்டும் பார்க்கும். ஆக, ஆடி மாத மூடாக்கில் டிராக்கர் கூடுதலாகத் தருவது ஒன்றுமில்லை. மேகத்தின் ஓரத்தில் தெரியும் பளிச்சைத் துரத்திக்கொண்டு பேனலைச் சாய்த்து வைத்தால் நிலையான பேனலைவிடக் குறைவாகவே தரும்.

இதை மாமாவின் கேமராவோடு பொருத்திப் பார்ப்போம். கேமராவும் சிம்மும் சேர்ந்து 3 வாட். ஒரு நாளைக்கு 72 வாட்-மணி. தெளிந்த நாளில் 20 வாட் பேனல், ஆறு மணி நேர முழு வெயிலுக்குச் சமமானது கிடைத்து, இழப்புகள் போக 90 வாட்-மணி தரும். மாசி, பங்குனியில் பேட்டரி பிற்பகலிலேயே நிறைந்து கன்ட்ரோலர் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. டிராக்கர் அன்றைக்குத் திறந்த வெளியில் 120 வரை கொடுக்கும், ஆனால் அதை வைத்துக்கொள்ள இடமில்லை. மூடாக்கு நாளில் மூன்று மணி நேரத்துக்குச் சமமான வெயில்தான் என்று வைத்துக்கொண்டால் 45 வாட்-மணி வரும், 27 பற்றாக்குறை. அந்த நாளில் டிராக்கரும் அதே 45ஐத்தான் தரும். ஆகக் கூடுதல் தேவைப்படாத மாதத்தில் டிராக்கர் அள்ளித் தருகிறது, தேவைப்படுகிற மாதத்தில் கை விரிக்கிறது. வருட சராசரியைப் பார்த்து முடிவு செய்தால் இது கண்ணில் படாது.

அந்த 45லிருந்தும் டிராக்கர் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். நானோ போர்டும் சும்மா நிற்கும் சர்வோவும் 5 வோல்ட்டில் 35 மில்லி ஆம்பியர் அளவு எடுக்கும். வோல்ட்டேஜ் குறைக்கும் மாட்யூலின் இழப்பையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 5 வாட்-மணி. இது எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது. பேனலின் எடை அச்சுக்கு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் இழுத்தால் சர்வோ அதைத் தாங்கிப் பிடிக்க ஓயாமல் முனகும். தங்கை மகன் செய்ததில் அந்த முனகல் எனக்கு முற்றத்திலேயே கேட்டது. அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது 200 மில்லி ஆம்பியர் எடுத்தால் பகல் பதினோரு மணி நேரத்துக்கு 11 வாட்-மணி. தோப்பு நிழலில் டிராக்கர் சம்பாதிப்பதே ஏழெட்டுதான். காதைச் சர்வோவின் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். நின்றிருக்கும்போதும் சத்தம் வந்தால் அது பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கிறது.

அதற்கு மருந்து உண்டு. அச்சைப் பேனலின் எடை மையத்தை ஒட்டி வைத்து, சுவிட்ச் போல வேலை செய்யும் ஒரு மாஸ்ஃபெட் வழியாகச் சர்வோவுக்கு நகரும்போது மட்டும் மின்சாரம் கொடுக்கலாம். அரைமணிக்கு ஒரு தடவை நகர்த்தினாலே போதும். அதற்குள் சூரியன் நகரும் ஏழரைப் பாகையால் வரும் இழப்பு ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் மின்சாரம் இல்லாத சர்வோவைப் பிடித்து வைத்திருப்பது அதன் பற்சக்கரங்களின் உராய்வு மட்டும்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியில் தொடங்கும் காற்று அதை விட்டுவைக்குமா?

எம்ஜி996ஆர் என்ற உலோகப் பற்சக்கர சர்வோவைத்தான் அவன் போட்டிருந்தான். 6 வோல்ட்டில் அதன் உச்சத் திருப்பு விசை 11 கிலோ-செ.மீ. பேனல் 50க்கு 35 செ.மீ. அளவு. மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று அதன் மேல் ஒன்றேகால் கிலோ எடை அளவுக்கு அழுத்தும். சாய்ந்த பேனலில் அந்த அழுத்தம் நடு அச்சில் விழாமல் காற்று வரும் விளிம்பை நோக்கி நகரும். ஐந்து செ.மீ. நகர்ந்தாலே 6 கிலோ-செ.மீ. வந்துவிடும். காற்றின் வேகம் ஒன்றரை மடங்கு ஆனால் விசை இரண்டேகால் மடங்கு. அதாவது மணிக்கு 54 கிலோமீட்டரில் அடிக்கும் ஒரு வீச்சு 14 கிலோ-செ.மீ. கொடுக்கும், சர்வோவுக்கு முழு மின்சாரம் இருந்தாலும் தாங்காது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், கணவாய் வாயில் இருக்கிற நமக்கு அது வெறும் பழமொழி இல்லை. நாங்கள் சோதனைக்கு மொட்டை மாடியில் வைத்தபோது இரண்டாவது நாளே ஒரு பல் போய்விட்டது. மேலிருந்து பார்த்தால் தெரியவில்லை. பேனல் கிழக்கே திரும்பும்போது ஒரே இடத்தில் ‘டக்’கென்று சறுக்கியது, கையால் ஆட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் ஐந்தாறு பாகை ஆட்டம்.

எல்டிஆர் பக்கம் நேர்ந்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்கிறவர்கள் நிறையப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். பாடத்தில் வரும் சர்க்யூட்டில் எல்டிஆரோடு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். அறைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது அருமையாக வேலை செய்யும். நேர் வெயிலில் எல்டிஆரின் தடை சில பத்து ஓம்களுக்கு இறங்கிவிடும். அப்போது நானோ வோல்ட்டேஜைப் படித்துச் சொல்லும் 0 முதல் 1023 வரையான எண்ணில் இரண்டு பக்கமும் 1018, 1005 என்று கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டும், பேனல் அசையாது. “வெளியில வச்சா செத்துப் போகுது மாமா” என்று அவன் என்னிடம் கொண்டு வந்தது இதைத்தான். 10 கிலோ ஓமுக்குப் பதில் 470 ஓம் போட்டதும் வெயில் படும் பக்கம் 940, இரண்டு எல்டிஆருக்கும் நடுவில் நிறுத்திய தடுப்பின் நிழல் விழும் பக்கம் 740 என்று எண்கள் நன்றாகப் பிரிந்தன. ரெசிஸ்டர் சிறிதாவதால் கரண்ட் கூடும். அதனால் எல்டிஆர்களுக்கு எப்போதும் மின்சாரம் கொடுக்காமல், படிக்கும் நேரத்தில் மட்டும் நானோவின் ஒரு பின்னிலிருந்து கொடுத்தோம். இரண்டு எல்டிஆர்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை, ஆகவே 40 வரை வித்தியாசத்தைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று விட்டோம்.

```
void track() {
  digitalWrite(LDR_PWR, HIGH);
  delay(50);
  int e = analogRead(A0);
  int w = analogRead(A1);
  digitalWrite(LDR_PWR, LOW);
  if (e < 850 && w < 850) pos = 90;
  else if (e - w > 40) pos -= 4;
  else if (w - e > 40) pos += 4;
  pos = constrain(pos, 35, 145);
  panel.write(pos);
}
```

இதில் உயிரான வரி `if (e < 850 && w < 850) pos = 90;` தான். இரண்டு பக்கமும் 850க்குக் கீழே என்றால் நேர் வெயில் இல்லை, மேகமோ இரவோ. பேனலைப் படுக்கப் போடு என்கிறது. மேகத்தைத் துரத்துவதும் இரவெல்லாம் அலைவதும் இந்த ஒரு வரியில் நின்றுவிடுகிறது. 850 என்பது எங்கள் எல்டிஆர்களுக்குப் பொருந்திய எண். வேறு ஜோடிக்கு ஒரு மேகம் மறைக்கும்போது அளந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, மாற்று வழிகள் என்ன? சாய்வைப் பருவத்துக்குப் பருவம் மாற்றுவதை இங்கே விட்டுவிடலாம். நாம் இருப்பது ஏறக்குறைய 10.7 பாகை வடக்கே. சூரியன் நம் தலைக்கு இரண்டு பக்கமும் போய் வருகிறது, அதில் கிடைக்கும் லாபம் சொற்பம். அந்த 11 பாகைச் சாய்வு மழை தூசியைக் கழுவிவிடுவதற்காகவாவது இருக்கட்டும்.

கையால் திருப்புவது யோசிக்க வேண்டிய வழி. காலையில் கிழக்கே 45 பாகை, பத்தே முக்காலுக்குப் படுக்கை, பிற்பகல் இரண்டு மணிக்கு மேற்கே 45 பாகை. இந்த மூன்று நிலைகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் டிராக்கர் தரும் கூடுதலில் ஏழில் ஆறு பங்கு கிடைத்துவிடுகிறது. இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சர்வோ, நானோ, எல்டிஆர், மாஸ்ஃபெட் அத்தனையும் சேர்ந்து சம்பாதிப்பது அந்தக் கடைசி ஒரு பங்கைத்தான். அல்லது, தினமும் மூன்று தடவை போய்த் திருப்பும் ஆளின் வேலையை. அச்சில் மூன்று துளை போட்டு ஒரு போல்ட்டைச் செருகினால் காற்றுக்கு எந்த சர்வோவையும்விட உறுதியாக நிற்கும். சூரிய பம்பு வைத்த தோட்டங்களில் பேனல்களை இப்படிக் கையால் திருப்புவது உண்டு. தோப்பிலேயே குடியிருக்கும் குடும்பத்துக்கு இது பொருந்தும். மாமா காலையில் ஒரு தடவை தண்ணீர் மாற்றப் போவதோடு சரி.

மிச்சம் இருப்பது இன்னொரு 20 வாட் பேனல். எங்கள் டிராக்கருக்குச் சர்வோ, போர்டு, இரும்புச் சட்டம், பேரிங், வெல்டிங் கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல் ஆகியிருந்தது. இன்னொரு பேனல் அதைவிடக் குறைவு. அது மூடாக்கு நாளில் 45ஐ 90 ஆக்குகிறது. கேமராவின் 72 போக 18 மிச்சம். டிராக்கர் வைத்தால் அதே நாளில் 45லிருந்து 5 போய் 40. இவ்வளவு தெளிவாக ஒரு பக்கம் சாயும் ஒப்பீடு எனக்கு அபூர்வமாகத்தான் கிடைத்திருக்கிறது.

ஆனால் டிராக்கரே வேண்டாம் என்று பொதுவாகச் சொல்ல மாட்டேன். பேட்டரி இல்லாமல் நேரடியாக ஓடும் சூரிய பம்பு என்றால் கணக்கு மாறும். கிணற்று ஆழத்திலிருந்து தண்ணீரைத் தூக்கக் குறைந்தபட்சம் இவ்வளவு வெயில் வேண்டும் என்று ஒரு வாசல் உண்டு. அதற்குக் கீழே மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. பேனல் காலையில் கிழக்கே பார்த்தால் பம்பு அந்த வாசலைச் சீக்கிரம் தாண்டும், மாலையில் தாமதமாக இறங்கும். மின்சாரம் கூடுவதைவிட அதிக விகிதத்தில் தண்ணீர் கூடும். தண்ணீர் தேவைப்படுவதும் வெயில் காயும் மாசி, பங்குனியில்தான். பெரிய சோலார் பண்ணைகளில் ஒரு மோட்டார் பல பத்துப் பேனல்களைத் திருப்புகிறது, அதனால் செலவு பரவிவிடுகிறது. அங்கே பெரும்பாலும் எல்டிஆரை நம்புவதில்லை. தேதியையும் நேரத்தையும் வைத்து சூரியன் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறார்கள், காற்று அதிகமானால் பேனல்களைப் பாதுகாப்பான சாய்வுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். எங்கள் இரண்டு எல்டிஆர் டிராக்கருக்குக் காற்று அடிப்பது தெரியவே தெரியாது.

இதையெல்லாம் சொன்னபோது பையனின் முகம் வாடியது. அவன் செய்தது நல்ல வேலை; 470 ஓம் விஷயத்தை அவனே அளந்து உறுதி செய்தான். அவனையே தோப்புக்குக் கூட்டிப்போய், காலை எட்டரைக்கும் மாலை நாலரைக்கும் மோட்டார் ரூம் கூரை மேல் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போடச் சொன்னேன். கிழக்கே பக்கத்துத் தோப்பின் மரங்கள் பத்து மணி வரை மறைக்கின்றன. மேற்கே வண்டிப்பாதையும் வெறும் வயலும். ஐந்து மணி வரை கூரையில் வெயில் நிற்கிறது.

அதனால் இரண்டாவது பேனலைத் தெற்கே பார்த்து வைக்கவில்லை. மேற்குப் பார்த்து 25 பாகை சாய்த்து, தடித்த ஆங்கிள் இரும்பில் நாலு போல்ட் போட்டு இறுக்கினோம். அந்தச் சாய்வால் மூடாக்கு நாளில் இழப்பது இருபதில் ஒரு பங்குதான். தெளிந்த நாளில் மாலை வெயில் முழுக்க அதில் விழுகிறது, பேட்டரி நிறைந்தபடியே இரவுக்குள் போகிறது. இரண்டு பேனலையும் பாரலலாகச் சேர்த்தாலும் கரண்ட் இரண்டரை ஆம்பியரைத் தாண்டாது என்பதால் பழைய 5 ஆம்பியர் கன்ட்ரோலரையே வைத்துக்கொண்டோம். டிராக்கரின் சட்டத்தைப் பையன் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. சர்வோவைக் கழற்றிவிட்டு, அச்சில் மூன்று துளை போட்டுக்கொண்டிருக்கிறான். தேங்காய் காயப்போடும் களத்தில் நிழலே இல்லை, அங்கே பகலெல்லாம் ஆள் இருக்கும் என்று மாமா சொன்னாராம்.